272 படிக்கு முன் 15 நிமிடம்: உடற்பயிற்சிக் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

பத்துமலையில் 272 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி பேசும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை ஒரு வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய அக்காமார். "ஏறிடுவேன் தம்பி, இறங்கறதுதான் பயமா இருக்கு" என்பதுதான் அவர்கள் பல்லவி. தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வகுப்பு இல்லாத நாட்களில் வீட்டிலேயே செய்யட்டும் என்று ஒரு காணொளி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பயிற்சியில் தப்பில்லை, வெளிச்சமும் நன்றாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து ஓர் அக்கா சொன்னார்: "நீ மெதுவான்னு சொல்றதுக்குள்ள நான் உக்காந்தே போயிட்டேன்."

ஸ்கிரிப்ட் எழுதாமல் கேமரா முன்னால் நின்று வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தேன். அதன் விளைவு இது. இரண்டாவது காணொளியை எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். முதன்முறையாகத் தமிழில் உடற்பயிற்சிக் காணொளி எடுக்கப்போகிறவர்களுக்கு அந்த 15 நிமிடத்தை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன்.

முதலில் கடிகாரம், பிறகு வசனம்

பேச்சை எழுத உட்காருவதற்கு முன் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். என் காணொளியில் மூன்றே பயிற்சிகள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியிலிருந்து ஒரு காலை இறக்கித் தொடுவது, குதிகால் தூக்குவது. ஐந்தாறு வைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். வைத்தால் ஒவ்வொன்றையும் விளக்கவே நேரம் போய்விடும்.

இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. படி இறங்க அஞ்சுகிறவருக்குப் பழக்க வேண்டியது இந்த வேலைதான். ஆகவே என் பயிற்சிகளில் கீழே போவதற்கு 3 வினாடி, தொட்டு நிற்க 1, மேலே வர 1 என்று வைத்தேன். ஒரு தடவைக்கு 5 வினாடி, 8 தடவைக்கு 40 வினாடி. ஒரு சுற்று அவ்வளவுதான்.

இப்படியே எல்லாவற்றையும் கூட்டினேன். வணக்கமும் எச்சரிக்கையும் 40 வினாடி. நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடேற்ற 2 நிமிடம். நாற்காலிப் பயிற்சிக்கு விளக்கம் 30 வினாடி, 40 வினாடியில் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் 60 வினாடி ஓய்வு. ஆக 3 நிமிடம் 50 வினாடி. படிப் பயிற்சியில் கால் மாற்றும் நேரமும் சேர்வதால் 5 நிமிடம் 10 வினாடி. குதிகாலுக்கு 1 நிமிடம் 50 வினாடி. கடைசியில் தசையைத் தளர்த்த ஒன்றரை நிமிடம். கூட்டினால் சரியாக 15 நிமிடம் வரும். இந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்று புரியும்: நாம் பேசக் கிடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். நாற்காலிப் பயிற்சியில் ஒருவர் கீழே இறங்கும் 3 வினாடிக்குள் நிதானமாகச் சொன்னால் நாலைந்து தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும்.

வினைச்சொல் கடைசியில் வந்தால் ஆபத்து

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. எழுத்தில் அது அழகு, பயிற்சியில் தொல்லை. என் முதல் காணொளியில் நான் சொன்னது இது: "முதுகை நேரா வச்சு, முட்டியை உள்ளே விடாம, எடையைக் குதிகால்ல போட்டு, மெதுவா, அப்படியே இறங்குங்க." எல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. பாதிப் பேர் அதற்குள் இறங்கிவிட்டார்கள். மீதிப் பேர் என்ன செய்வதென்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகவே உடைத்து எழுதுங்கள்: "இறங்குங்க. மெல்ல. மெல்ல." செயல் முன்னால், தன்மை பின்னால்.

இதைவிட மோசம் எதிர்மறை. "முட்டியை உள்ளே மடக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். 'ஆதீங்க' வருவதற்குள் காதில் விழுவது முட்டி, உள்ளே, மடக்கு. உடம்பு அதையே செய்துவிடும். எங்கே போகக் கூடாது என்பதை விட்டுவிட்டு எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்: "முட்டி சுண்டுவிரல் பக்கம்." மூன்று சொல், இறங்கும் நேரத்துக்குள் அடங்கும்.

உடல் உறுப்பின் பெயரைச் சொல்லும்போதும் கவனம் தேவை. 'இடுப்பு' என்ற ஒரே சொல்லை நாம் கீழ்முதுகாகிய நாரிக்கும் சொல்கிறோம், தொடை சேரும் மூட்டுக்கும் சொல்கிறோம், புடவை கட்டும் இடத்துக்கும் சொல்கிறோம். "இடுப்பைப் பின்னால தள்ளுங்க" என்றபோது வகுப்பில் இரண்டு பேர் நாரியை வளைத்து நெஞ்சை முன்னால் தள்ளினார்கள், மறுநாள் முதுகு வலி. இப்போது நான் சொல்வது: "ரெண்டு கையிலயும் பாசார் பை. காரோட கதவை பின்பக்கத்தால இடிச்சுச் சாத்துங்க." இதைக் கேட்டு வளையக் கூடாத இடத்தை வளைத்தவர் இதுவரை யாருமில்லை. உறுப்பைச் சொல்வதைவிட வெளியே உள்ள ஒரு பொருளைச் சொன்னால் உடம்பு எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. 1998இல் காப்ரியேலே வூல்ஃபும் உடன் ஆய்வு செய்தவர்களும் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன் பாதத்தைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரத்தைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். பாசார் பைக்கும் காரியம் அதுதான்.

எண்ணுவது

தாளத்தையும் எண்ணிக்கையையும் இரண்டையுமே எண்ணால் சொல்லாதீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று இறக்கத்தை எண்ணிவிட்டு, எழுந்ததும் "ரெண்டு" என்றால் கேட்பவருக்கு எது எது என்று குழம்பும். தாளத்துக்குச் சொல், எத்தனையாவது தடவை என்பதற்கு மட்டும் எண். எண்ணை எப்போதும் எழுந்து நிமிர்ந்த பிறகே சொல்ல வேண்டும். உட்காரும்போதே "அஞ்சு" என்று சொல்லிவிட்டால், ஒரு தடவை மிச்சம் என்று எழாமலே விட்டுவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன், பிறரைக் குறை சொல்லவில்லை.

இன்னொன்று, வாயால் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஒண்ணு முதல் எட்டு வரை சின்னச் சொற்கள், ஒரு வினாடிக்குள் அடங்கும். பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு என்று போகும்போது நாக்கு நீள்கிறது, தாளம் இழுபடுகிறது. அதனால் ஒரு சுற்றுக்கு பத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. கூடுதல் வேண்டுமென்றால் இன்னொரு சுற்று சேர்க்கலாம்.

ஒரு சுற்று, முழுசாக

எச்சரிக்கையை எந்த இடத்தில் வைப்பது என்று எப்படித் தெரியும்? ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் மூன்று பேரை அழைத்து, எதுவும் சொல்லாமல் அந்தப் பயிற்சியைச் செய்யவிட்டு, கைப்பேசியில் முன்பக்கமிருந்து படம் எடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், மூன்று பேருக்கும் முதல் மூன்று தடவை நன்றாக இருந்தது. நான்காவது ஐந்தாவது தடவையில் எழும்போது முட்டி இரண்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தது. ஆறாவதில் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ஆகவே முட்டி எச்சரிக்கை மூன்றாவது தடவையிலேயே வர வேண்டும். தப்பு நடந்த பிறகு சொல்வது வெறும் கண்டிப்பு, காணொளியில் நாம் கண்டிக்க முடியாது.

முதல் சுற்று என் தாளில் இப்படி இருக்கிறது. விளக்கம் முடிந்து 3:10க்குத் தொடங்குகிறது:

3:07 – "கை முன்னால. மூச்சை இழுங்க."

3:10 – "இறங்குங்க. மெல்ல. மெல்ல. தொட்டு. எழுங்க. ஒண்ணு."

3:15 – "மெல்ல. மெல்ல. தொட்டு. எழுங்க. ரெண்டு."

3:20 – "முட்டி சுண்டுவிரல் பக்கம். தொட்டு. எழுங்க. மூணு."

3:25 – பேச்சில்லை. எழுந்ததும் "நாலு."

3:30 – "எழும்போது மூச்சை விடுங்க. தொட்டு. ஊஃப். அஞ்சு."

3:35 – "குதிகால் தரையில. தொட்டு. எழுங்க. ஆறு."

3:40 – பேச்சில்லை. "ஏழு. இன்னும் ஒண்ணுதான்."

3:45 – "மெல்ல. மெல்ல. தொட்டு. எழுங்க. எட்டு. உட்காருங்க."

இரண்டு இடத்தில் சும்மா இருப்பது வேண்டுமென்றே. காது நிறைந்துவிட்டால் அடுத்த எச்சரிக்கை ஏறாது. மூச்சு விடும் இடத்தில் "ஊஃப்" என்று நானே ஊதுகிறேன், சொல்வதைவிட அது வேலை செய்கிறது. இதை அலட்சியமாக விடக் கூடாது. எழும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் என் வகுப்பில் அதிகம்.

முட்டி பாதவிரலைத் தாண்டக் கூடாது என்று பலரும் எச்சரிப்பார்கள். நான் அதை எழுதவில்லை. படி இறங்கும்போது முட்டி விரலைத் தாண்டித்தான் போகும். அதைத் தடுக்கப் பார்த்தால் உடம்பு முன்னால் சரிந்து சுமை நாரிக்குப் போகும். பக்கவாட்டில் உள்ளே சாய்வதுதான் கவனிக்க வேண்டியது.

விளக்கம் சொல்லும் 30 வினாடியில் பாதி நாற்காலிக்கே போகிறது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் முதுகுப் பக்கம் சுவரில் முட்டியிருக்க வேண்டும். காலுறை வேண்டாம், வெறுங்கால். எழ முடியாதவர் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த எளிய மாற்று வழியைச் சுற்று தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் தலையணை தேடி அறைக்குப் போனவர் திரும்பி வரமாட்டார்.

படியில் ஒரு கால்

இரண்டாவது பயிற்சிக்கு ஃப்ளாட்டின் படிக்கட்டில் கடைசிப் படி போதும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, மற்றக் காலின் குதிகாலை முன்னால் தரையில் மெல்லத் தொட்டுவிட்டு மேலே வர வேண்டும். ஒரு காலுக்கு 6 தடவை. இங்கே முக்கியமான வரி ஒன்றே ஒன்று: "சத்தம் கேட்கக் கூடாது." கால் தரையில் 'தொப்' என்று விழுந்தால், ஊன்றிய கால் பாதி வழியில் கைவிட்டுவிட்டது என்று பொருள். திரையைப் பார்க்காமலே செய்பவர் தன் தப்பைத் தானே கேட்டுக்கொள்ளலாம். இப்படிக் காதிலோ காலடியிலோ தெரியும் அடையாளம் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

முட்டிச்சில்லுக்குக் கீழே ஊசி குத்துவது போல வலி வந்தால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு முதல் பயிற்சியையே இன்னொரு சுற்று செய்யச் சொல்லியிருக்கிறேன். தொடை எரிவது வேறு, அது வேலை நடப்பதன் அடையாளம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் எரிச்சலுக்கு நிறுத்துவார்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வார்கள்.

குதிகால் தூக்குவதில் சொல்ல அதிகமில்லை. சுவரில் கை வைத்து 8 தடவை, நடுவில் 30 வினாடி ஓய்வு, இரண்டு சுற்று. கணுக்கால் வெளிப்பக்கம் புரளாமல் "கட்டைவிரல்ல நில்லுங்க" என்று ஒரு முறை சொன்னால் போதும்.

ஓய்வில் என்ன பேசுவது

முதல் காணொளியில் ஓய்வு நேரம் முழுக்க நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஓய்வு எடுத்தது யார் என்றே தெரியவில்லை. இப்போது 60 வினாடியை மூன்றாகப் பிரிக்கிறேன். முதல் 20 வினாடி பேச்சில்லை, திரையில் கடிகாரம் மட்டும் ஓடும். அடுத்த 20இல் ஒரு சோதனை: "சத்தமா ஒரு வரி பேசிப் பாருங்க." பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் வேகம் சரி. ஒரே மூச்சில் "வேல் வேல் வெற்றிவேல்" கூட வரவில்லையென்றால் காணொளியை நிறுத்திவிட்டு இன்னொரு நிமிடம் உட்காரச் சொல்கிறேன். கடைசி 20இல் அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, 10 வினாடி இருக்கும்போது "பத்து" என்று ஒரே சொல். கடைசி நொடியில் "எழுங்க எழுங்க" என்று அவசரப்படுத்தினால் சட்டென்று எழுந்து தலை சுற்றும், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

அந்த முதல் 40 வினாடி

தொடக்க எச்சரிக்கையை எல்லோரும் "மருத்துவரை அணுகவும்" என்று ஓட்டிவிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. நம் மக்களுக்கு எது நடக்கும் என்று யோசித்து எழுதினால் கேட்பார்கள். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. அதோடு தைப்பூச மாதம், பலர் விரதம். இன்சுலின் போடுகிறவரும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரும் பசியாறாமல் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

ஆகவே நான் எழுதியது: "இன்சுலின் போடுறவங்க, சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்க, வெறும் வயித்துல செய்யவேண்டாம். முதல்ல விரலைக் குத்திப் பாருங்க. 5க்குக் கீழ இருந்தா கொஞ்சம் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. உங்க டாக்டர் வேற அளவு சொல்லியிருந்தா அதையே கேளுங்க." இங்கே மீட்டரில் வருவது மில்லிமோல் கணக்கு என்பதால் 5 என்றாலே புரியும். தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காக 90 என்று திரையில் எழுதிப் போட்டேன்.

ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும் என்று சொல்வோம். கோலாலம்பூரில் மின்விசிறிக்குக் கீழே நின்றாலே வியர்க்கும். ஆகவே வியர்வையை மட்டும் அடையாளமாகச் சொல்லாமல் "கை நடுங்குது, உடம்பு சில்லுன்னு வேர்க்குது, திடீர்னு அகோரப் பசி" என்று சேர்த்துச் சொன்னேன். நெஞ்சு இறுக்கினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ உடனே நிறுத்திவிட்டு 999க்கு அழைக்கச் சொல்லும் வரியைத் தனியாக, மெதுவாகப் பேசினேன். அந்த வரிக்குப் பின்னணி இசை கிடையாது.

முகத்தைத் திருப்பி வைத்துச் சோதிப்பது

எழுதி முடித்ததும் உடனே படம் எடுக்காதீர்கள். ஸ்கிரிப்டைக் கைப்பேசியில் குரலாக மட்டும் பதிந்துகொள்ளுங்கள். பயிற்சியை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்து, கேட்டே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் தாளோடு நின்று, அவர் எங்கெல்லாம் தயங்குகிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறியுங்கள். ஒவ்வொரு பார்வையும் ஒரு குறைபட்ட வரி.

நான் சோதித்தது முதலில் குறை சொன்ன அதே அக்காவிடம், அவர் வீட்டு வாசல் படிக்கட்டில். நாற்காலிப் பயிற்சியில் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. படிப் பயிற்சியில் கால் மாற்றும் இடத்தில் நின்றுவிட்டார். "இப்ப வலது கால்" என்று எழுதியிருந்தேன். கேமராவைப் பார்த்து நிற்கும் எனக்கு வலது, அவருக்கு எதிரே இடது, போதாததற்கு இறங்குகிற காலா ஊன்றுகிற காலா என்றும் தெரியவில்லை. "எந்தக் கால் தம்பி, சோத்துக்கைப் பக்கமா?" என்றார். அங்கேயே படியில் உட்கார்ந்து வலது இடது இரண்டையும் அடித்துவிட்டு, "கம்பிப் பக்கத்துக் கால் படியில, வெளிக்கால் தரைக்கு" என்றும், மாற்றும்போது "இப்ப வெளிக்கால் படியில" என்றும் எழுதினேன். மறுபடி ஓட விட்டோம். இந்த முறை அவர் திரும்பியது பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டிலிருந்து இறங்கி "என்னக்கா படியில நடனமா?" என்று கேட்டபோது மட்டும்தான்.